கழுத்துப் பட்டிக்குள் இருக்கும் துண்டு

அண்ணா, அக்கா, எல்லாருக்கும் வணக்கம். முதலாம் ஆண்டு தம்பி தங்கைகளுக்குத் தனியாக இன்னொரு வணக்கம், இன்றைக்கு நான் பேசுவதே உங்களுக்காகத்தான். மன்றத்தில் எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த வாரம் ஃப்ரெஷர்ஸ் பார்ட்டி. விடுதியில் ஒரு வாரமாக என்ன போடுவது, எங்கே வாங்குவது, எந்த பிராண்ட் என்பதைத் தவிர வேறு பேச்சே காதில் விழவில்லை. முந்தாநாள் ராத்திரி ஒரு தங்கை என் அறைக்கு வந்து, வீட்டிலிருந்து சாப்பாட்டுச் செலவுக்கு அனுப்பிய பணத்தில் ஷூ வாங்கிவிட்டேன் அக்கா, இந்த மாசம் எப்படி ஓட்டுவது என்று தெரியவில்லை என்று அழுதாள். யாரென்று சொல்ல மாட்டேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். நம் ஊரிலிருந்து ரெண்டு நாள் ரயிலில் வந்து டெல்லியில் இறங்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பயம் வருவது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்கும் வந்தது.

நான் திருப்பூர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பிசிறு வெட்டி அனுப்ப வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு வந்தால் அம்மாவின் விரல் நுனியெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். அங்கே ஒரு வெளிநாட்டு பிராண்டின் ஆர்டர் முடிந்ததும் அதே மெஷினில், அதே ஆட்கள், வேறொரு பிராண்டின் ஆர்டரை ஆரம்பிப்பார்கள். நூல் மாறும், துணியின் கனம் மாறும், அளவு மாறும், அதெல்லாம் உண்மையான வித்தியாசம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கும் அந்தப் பெயர், கழுத்துப் பட்டிக்குள் தைக்கிற ஒரு விரல் அகலத் துண்டு. சின்ன வயதில் அந்தத் துண்டுகளை மூட்டையாகவே பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் தெரிந்தும் முதல் வருஷம் இங்கே வந்தபோது நான் பயந்துதான் போனேன். வந்த மூன்றாவது மாசம் ஒரு பேச்சுப் போட்டி. எல்லாரும் பார்ப்பார்களே என்று, நெஞ்சில் முத்திரை போட்ட ஒரு சட்டையை மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கினேன். என் அளவு கடையில் தீர்ந்துவிட்டது, ஒரு அளவு சின்னதுதான் இருந்தது, பரவாயில்லை என்று எடுத்துவிட்டேன். மேடையில் ஏறிக் கையைத் தூக்கினால் அக்குளில் பிடிக்கிறது, மூச்சை இழுத்தால் பொத்தானுக்கு நடுவே இடைவெளி விடுகிறது. இரண்டாவது கருத்தைச் சொல்லும்போது என் கவனம் முழுக்க அந்தப் பொத்தானில் இருந்தது, பேச வேண்டியது பாதியில் நின்றுவிட்டது. இறங்கிய பிறகு ஒரு நடுவர் என்னிடம், ஏன் கையைக் கட்டிப் போட்ட மாதிரி நின்றாய் என்று கேட்டார். சட்டை என்ன பிராண்ட் என்று அந்த அரங்கில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் பொங்கல் முடிந்து திரும்பும்போது, அம்மா தன்னுடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பினார். முனிர்காவில் ஒரு டெய்லரிடம் அதைக் குர்த்தாவாகத் தைக்கக் கொடுத்தேன். தோளிலும் மாரிலும் அவர் சரியாக அளவெடுத்தார், கையைத் தூக்கிக் காட்டச் சொன்னார், உட்காரச் சொன்னார். அடுத்த போட்டிக்கு அதைத்தான் போட்டேன். பரிசு வரவில்லை, இரண்டாம் சுற்று வரை போனேன். ஆனால் பேசி முடிக்கும்வரை நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தன்னம்பிக்கைக்கு உடுத்துவது என்று நான் சொல்வது அதைத்தான். கண்ணாடி முன்னால் நிற்கும்போது உடம்போடு பொருந்தியிருக்க வேண்டும், வெளியே வந்ததும் மறந்துபோக வேண்டும்.

இதே டெல்லியில் காமராஜர் காங்கிரஸ் தலைவராக இருந்தார். 1964இல் சாஸ்திரி, 1966இல் இந்திரா, இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அவர் பங்கு பெரிது. அப்போதும் அதே கதர்ச் சட்டை, அதே வேட்டி. ஊருக்கு ஒன்று, தலைநகருக்கு ஒன்று என்று அவர் உடுப்பை மாற்றிக்கொள்ளவில்லை.

சரி, கையில் ஐந்நூறு ரூபாய்தான் இருக்கிறது, என்ன செய்ய என்று கேட்பீர்கள். முதலில் தோள் தையலைப் பாருங்கள். அது உங்கள் தோள் எலும்பு முடியும் இடத்தில் உட்கார வேண்டும். வேண்டுமென்றே தொளதொளவென்று தைத்த டீ ஷர்ட் வேறு கதை, மற்றபடி தோள் சரியாக இல்லாத சட்டையைத் திருப்பி வைத்துவிடுங்கள், ஏனென்றால் பக்கத்தைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் டெய்லருக்கு லேசான வேலை, தோளைப் பிரித்துத் தைப்பது அப்படியில்லை, கூலியும் கூடும், பார்க்கவும் நன்றாக வராது. கடையிலேயே கையை மேலே தூக்கிப் பாருங்கள், குனிந்து பாருங்கள், உட்காருங்கள், கடைக்காரர் ஏதாவது நினைப்பாரே என்று கூச்சப்படாதீர்கள். இந்தப் புழுக்கத்தில் பாலியெஸ்டர் வேண்டாம், வியர்வை முதுகில் ஒட்டி நிற்கும், பருத்தி எடுங்கள். எடுத்ததைத் துவைத்து, இஸ்திரி போட்டு, தொங்கும் நூலை வெட்டிவிட்டுப் போடுங்கள். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் சுத்தத்துக்கு மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு துணியை நம் கையால் கவனித்துக்கொண்டால் அதைப் போட்டு நிற்கும்போதே முதுகு நிமிர்கிறது.

பிராண்ட் சட்டை போட்டிருப்பவர்கள் யாரும் என்மேல் கோபப்படாதீர்கள். பிடித்திருக்கிறது, கையில் காசு இருக்கிறது, அளவு சரியாக இருக்கிறது என்றால் தாராளமாகப் போடுங்கள். அடுத்தவர் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்ப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். முதல் வருஷம் என் பட்டியை ஒருத்தி விளையாட்டாகத் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள். அவள் அப்போதே மறந்திருப்பாள். நான் மூன்று மாசம் கூனிக்கொண்டு நடந்தேன். நம் மன்றத்தில் அது நடக்கக் கூடாது.

இந்தச் சனிக்கிழமை நாங்கள் சிலர் சரோஜினி நகர் போகிறோம். ஏற்றுமதியில் மிஞ்சியது, செக்கிங்கில் கழிந்தது எல்லாம் லேபிள் வெட்டப்பட்டு அங்கே குவியலாகக் கிடக்கும், திருப்பூர்ச் சரக்கும் அதில் உண்டு. தையலை எப்படிப் பார்ப்பது என்று அம்மா எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்குக் காட்டுகிறேன். விஸ்வவித்யாலயா மெட்ரோவில் காலை பத்து மணிக்கு நிற்போம், ஐ.என்.ஏ.வில் பிங்க் லைன் மாறினால் அடுத்த ஸ்டேஷன்தான். தனியாகப் போகிறவர்கள் திங்கட்கிழமை போகாதீர்கள், மார்க்கெட் லீவு.

குளிருக்குப் புதுக் கோட் வாங்க இப்போதே கடன் கேட்காதீர்கள். மன்ற அறை அலமாரியில் படித்து முடித்துப் போன அண்ணன் அக்காமார் விட்டுச்சென்ற ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் துவைத்து வைத்திருக்கிறோம், நவம்பரில் எடுத்துக்கொள்ளலாம். ஊசி, நூல், பொத்தான் டப்பாவும் அங்கேதான் இருக்கிறது. அந்த ஷூ வாங்கிய தங்கச்சி, பில் இருந்தால் எடுத்துக்கொண்டு இன்று சாயங்காலம் என் அறைக்கு வா, கடைக்குச் சேர்ந்தே போய்க் கேட்போம். நன்றி.