ஆண்டு விழா உரை: தேர்ச்சி அட்டையைப் படிக்கும் விதம்

விழாத் தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவினரே, பாசி எடுக்கும் வேலையை இன்று ஒரு நாள் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வலையைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கும் அப்பாமார்களே, அனைவருக்கும் வணக்கம்.

மேடையின் இடப்பக்கம் ஓர் அட்டை இருக்கிறது. காற்று பிய்த்துக்கொண்டு போகாதபடி ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இருவர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் கை வலிப்பதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் பள்ளியின் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு அது. 2019 முதல் 2025 வரை ஏழு தூண்கள். அவற்றில் இரண்டு மட்டும் உச்சியைத் தொட்டு நிற்கின்றன. 2020, 2021. இரண்டும் நூற்றுக்கு நூறு. அதற்காக யாரும் எனக்குச் சால்வை போட வேண்டாம். கொரோனாவால் அந்த இரண்டு ஆண்டும் பொதுத்தேர்வே நடக்கவில்லை. தமிழ்நாடு முழுக்க அனைவருக்கும் தேர்ச்சி. அதனால்தான் அவற்றுக்கு நீலம் அடிக்காமல் வெறும் கோடாக விடச் சொன்னேன். 2022இல் தூண் 80க்கு இறங்கியதைப் பார்த்து, பள்ளி கெட்டுப்போய்விட்டது என்று சிலர் பேசினார்கள். இரண்டு ஆண்டு பள்ளிப் பக்கமே சரியாக வராத பிள்ளைகள் எழுதிய தேர்வு அது. 30 பேரில் 24 பேர் கரையேறினார்கள். அடுத்த ஆண்டு 87.5.

இனிதான் விஷயத்துக்கு வருகிறேன். 2024இல் 92. 2025இல் 90. 'என்ன சார், இரண்டு குறைந்துவிட்டதே' என்று டீக்கடையில் கேட்டவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

2024இல் எழுதியவர்கள் 25 பேர். தேறியவர்கள் 23 பேர். கணக்கு சரிதான், 92. ஆனால் அந்த வகுப்பின் வருகைப் பதிவேட்டில் 28 பெயர்கள் இருந்தன. மூன்று பேர் தேர்வுக்கே வரவில்லை. வராதவரை விழுக்காட்டில் சேர்ப்பதில்லை. எழுதியவர்களைக் கொண்டுதான் கணக்கு.

கடலுக்குப் போனது 28 வல்லம், திரும்பியது 25 என்றால் நம் ஊரில் யாராவது 25ஐ மட்டும் எண்ணிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுப்போமா? அந்த மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் 92 என்பது 82 ஆகிவிடுகிறது. அட்டையில் அது தெரியாது. அந்த அட்டையைப் போன ஆண்டு இதே மேடையில் பெருமையாகக் காட்டியவன் நான்தான்.

மூவரில் இரண்டு பேர் பையன்கள். ஏப்ரல் 15இல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் வருமானம் இல்லை. அதற்கு முன் நாலு காசு பார்த்துவிட வேண்டும் என்று வீடு தவிக்கிற நேரத்தில்தான் பொதுத்தேர்வும் வருகிறது. நான் குறை சொல்லவில்லை. மூன்றாவது ஒரு பெண் பிள்ளை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றார்கள். செய்முறைத் தேர்வில் நன்றாகச் செய்த பிள்ளை.

2025இல் பதிவேட்டில் 40 பேர். தேர்வு எழுதியவர்களும் 40 பேர். கணக்கு ஆசிரியர் தேர்வு நாள்களில் விடிகாலை ஐந்து மணிக்கு டார்ச் விளக்கோடு குடிசை குடிசையாகப் போய்க் கதவைத் தட்டினார். எத்தனை வீட்டில் திட்டு வாங்கினார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு முடிந்தபோது நலம் விரும்பி ஒருவர், 'படிக்காத நாலு பேரை நிறுத்திவிடுங்கள் சார், நூறு வந்துவிடும்' என்றார். அவர் சொன்னது உண்மைதான், வந்திருக்கும். அந்த நால்வரையும் எழுத வைத்தோம். நால்வரும் தவறினார்கள். 36 பேர் தேறினார்கள்.

தூணின் மேல் சிவப்புப் பென்சிலால் மூன்று புள்ளிகள் தெரிகின்றனவா? பின்வரிசைக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். அந்த நால்வரில் மூன்று பேர் துணைத்தேர்வில் தேறிவிட்டார்கள். அது இந்த 90இல் சேராது. அதனால் நானே புள்ளி வைத்துக்கொண்டேன். நான்காமவர் மீண்டும் எழுத விண்ணப்பித்திருக்கிறார். நேற்று மாலை அவர்தான் இந்தப் பந்தலுக்கு மூங்கில் சுமந்தார்.

சின்னப் பள்ளியின் விழுக்காட்டை இன்னொரு விதத்திலும் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். 25 பேர் எழுதும்போது ஒரு பிள்ளை காய்ச்சலோடு எழுதித் தவறினாலே நாலு விழுக்காடு போய்விடும். 40 பேர் என்றால் ஒருவருக்கு இரண்டரை. இதற்காகப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

இந்த ஆண்டுப் பதிவேட்டில் 38 பெயர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் போவதற்கு முன் கணக்கு ஆசிரியரிடம் ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போங்கள், விடிகாலையில் எடுக்கிற எண்ணாக.

தம்பிகளா, அட்டையை மடித்து வைத்துவிட்டுக் கையை உதறிக்கொள்ளுங்கள். மூன்றாம் வகுப்புக் கோலாட்டக் குழுவுக்குப் பூசிய பவுடர் கலைகிறது, அவர்கள் வரட்டும்.