நம் ஊரில் மண்பானை குளிருமா?

வணக்கம். பாட்டி தேக்காவில் வாங்கிய பானைதான் இது, தொட்டுப் பாருங்கள், விரலில் ஈரம் ஒட்டும். நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் நீரின் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் தண்ணீர் குளிர்கிறது. ஆனால் நம் சிங்கப்பூர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம், ஆவியாவது மெதுவாகிவிடும். புளோக் நடைபாதையில் 30 டிகிரியில் வைத்த தண்ணீர் நான்கு மணி நேரத்தில் 27.5 வரைதான் இறங்கியது. ஏர்கான் வகுப்பறையில் 21! அறையே குளிர்தானே என்பீர்கள். சரி, பக்கத்தில் வைத்த பிளாஸ்டிக் போத்தல் 25க்குக் கீழே போகவில்லை. எங்கள் சோதனை அறிக்கையின் 6ஆம் பக்கத்தில் தண்ணீர் பட்டு ஓர் அளவு அழிந்துபோனது, நாங்கள் எடுத்த புகைப்படத்திலும் தெரியவில்லை, அதை ஊகித்துச் சொல்லாமல் விட்டுவிட்டோம். அப்புறம், யாருக்காவது தாகமா?