நூறு முட்டையா, ஒரே குட்டியா?

பெசன்ட் நகர் கடற்கரையில் ஜனவரி முதல் கரையேறும் பங்குனி ஆமை, பின்துடுப்புகளால் குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். சுமார் 50 நாளில் குஞ்சுகள் வெளிவரும். நாய், நண்டு, காகம் தின்றது போக, தெருவிளக்கைக் கடல் வெளிச்சமென நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்து சாகிறவையும் உண்டு. ஆயிரத்தில் ஒன்று தேறினாலே அதிகம் என்பார்கள்.

பழந்தின்னி வௌவால் பெரும்பாலும் ஒரே குட்டிதான் ஈனும். முதல் சில வாரங்கள் அதை மார்பில் சுமந்தே பறக்கும். யானைக்கோ கர்ப்பமே ஏறத்தாழ 22 மாதம்.

சூழலியலாளர்கள் மெக்ஆர்தரும் வில்சனும் 1967இல் இவ்விரு வழிகளை, ஏராளமாகப் பெற்று விட்டுவிடுவதை r என்றும், சிலவே பெற்றுப் பேணி வளர்ப்பதை K என்றும் பிரித்தனர். ஆமை அதில் சரியாக அடங்காது: முட்டைகள் ஏராளம், பருவமடையவோ பத்தாண்டுக்கு மேல். அதனால்தான் இழுவலையில் ஒரு தாய் ஆமை சிக்கிச் சாவது, ஒரு குழி முட்டை கெடுவதைவிடப் பெரிய இழப்பு.