வளர்ற பிள்ளைதானேன்னு பெரிய பேட் வாங்கிடாதீங்க

ஜூனியர் பேட் புது ஸ்டாக் வந்தாச்சு! சைஸ் 1 முதல் 6 வரை, அதுக்கு மேல ஹாரோவும் இருக்கு. வாங்க வர்றப்போ பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. விளையாடுற ஷூவைப் போட்டுட்டு வரட்டும். வயசை மட்டும் சொல்லி பேட் எடுத்தா சரியா அமையாது. ஒரே வகுப்புப் பிள்ளைங்களுக்குள்ளயே அரை அடி உயர வித்தியாசம் இருக்கும்.

உயரம் 4 அடி 3 அங்குலத்துக்குள்ள இருந்தா சைஸ் 1. 4 அடி 6 வரை 2, 4 அடி 9 வரை 3, 4 அடி 11 வரை 4, 5 அடி 2 வரை 5, 5 அடி 5 வரை 6. அதைத் தாண்டினா ஹாரோ. 5 அடி 8, 9 தொட்ட பிறகுதான் பெரியவங்க ஆடுற ஷார்ட் ஹேண்டில். கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும். ரெண்டு சைஸுக்கு நடுவுல நிக்கிற பிள்ளைக்கு சின்னதையே எடுங்க.

எடுத்த பேட்டைக் காலோட ஒட்டி நிமிர்த்தி வைங்க. ஹேண்டில் நுனி இடுப்பெலும்புகிட்ட வந்து நிக்கணும்.

அடுத்து எடை. இதுலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. ஒரே சைஸ்ல ரெண்டு பேட் எடுத்தாலும் எடை ஒண்ணா இருக்காது. வலதுகை ஆட்டக்காரர்னா இடது கையால மட்டும் ஹேண்டிலோட மேல்பகுதியைப் பிடிச்சு, பேட்டை முன்னால நீட்டி, பத்து எண்ற வரைக்கும் நிக்கச் சொல்லுங்க. மணிக்கட்டு தொங்கினாலோ, தோள் ஏறினாலோ, அடுத்த பேட்டைக் கொடுங்க. கனமான பேட்டைத் தூக்கக் கீழ்க்கை வேலைக்கு வந்துடும். பேக்லிஃப்ட் கல்லி பக்கம் போகும், நேரா ஆட வேண்டிய பந்தையும் குறுக்க இழுத்து அடிப்பாங்க. நீளம் அதிகம்னா ஹேண்டில் வயித்துல இடிக்கும். ரொம்பக் குட்டை பேட்டும் தப்புதான்: குனிஞ்சு நின்னு தலை ஆஃப் சைடு சாய்ஞ்சுடும்.

கிரிப் தடிமனையும் பாருங்க. சின்னக் கைக்கு ஒரே கிரிப் போதும். ரெண்டாவது சுத்தினா விரல் முழுசா சுத்திப் பிடிக்காது.

லெதர் பாலுக்குப் புதுசா வர்ற பிள்ளைக்கு காஷ்மீர் வில்லோ தாராளமாப் போதும், எப்படியும் சைஸ் மாறப்போகுது. மேட்ச் ஆடுறவங்களுக்கு இங்கிலீஷ் வில்லோ. அதை வாங்கினதும் களத்துல இறக்காதீங்க. ஷீட் ஒட்டாத பேட்னா ஆளிவிதை எண்ணெய் மெல்லிசா ஒரு கோட் தடவி, படுக்க வச்சுக் காயவிடுங்க. ஸ்டிக்கர்லயும் ஹேண்டில் சேர்ற இடத்துலயும் எண்ணெய் படக்கூடாது. பிறகு மர மேலட்டால முகப்பையும் ஓரத்தையும் மெதுவாத் தட்டிப் பழக்கணும். அவசரப்பட்டா ஓரம் விரிசல் விடும். டென்னிஸ் பால் பேட்ல லெதர் பால் ஆடவே கூடாது.

சைஸ் 4, 5 சீக்கிரம் தீர்ந்துடும். நேர்ல வர முடியலைன்னா பிள்ளையோட உயரத்தையும், எந்தப் பந்துல ஆடுறாங்கன்னும் இன்பாக்ஸ்ல எழுதுங்க. அந்த சைஸ்ல மூணு பேட்டை எடை போட்டு, போட்டோவோட அனுப்புறோம்.