வங்காளப் புத்தாண்டு 1433: வாழ்த்தும் பதிலும்

சென்னை
15 ஏப்ரல் 2026, புதன், காலை

மதிப்பிற்குரிய சுபீர் தா,

ஷுபோ நொபொபொர்ஷோ! நோதுன் பொச்சோர் கூப் பாலோ காட்டுக். இன்று பிறக்கும் 1433 உங்களுக்கு நல்ல உடல்நலமும் மனநிறைவும் தரட்டும். வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும். அம்மாவுக்கு என் ப்ரொணாம், பௌதிக்கு, அதாவது அண்ணிக்கு, வாழ்த்து, பிள்ளைகளுக்கு என் அன்பு.

மார்ச் கணக்கு முடிப்பில் படாபஜார் கடைகளின் நிலுவையை ஒவ்வொரு பில்லாக ஒத்துப்பார்த்துக் கொடுத்தீர்கள். இங்கே தணிக்கை தடங்கலில்லாமல் போனதற்கு அதுதான் காரணம். அந்த நன்றியையும் இந்த வாழ்த்தோடு ஏற்றுக்கொள்ளுங்கள்.

புதுக்கணக்குத் தொடங்கும் ஹால்காதாவுக்கு அட்டைப்பெட்டிக் கடைக்காரர் அனுப்பிய அழைப்பிதழைப் பார்த்தேன். நம் பாக்கி 18,400 ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்துவிட்டேன். இன்று அங்கே வங்கி விடுமுறைதான், ஆனாலும் இணையவழியில் பணம் போய்விடும். சாயங்காலம் நம் சார்பில் கார்த்திக் அந்தக் கடைக்குப் போகிறான். அவனுக்கு இது முதல் தடவை, அதனால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

டாக்கா அலுவலகத்துக்கு நேற்றே வாழ்த்து அனுப்பியாயிற்று.

பாலோ தாக்குன், ஷுஸ்தோ தாக்குன்.

அன்புடன்,
கவிதா

---

கொல்கத்தா
15 ஏப்ரல் 2026, பிற்பகல்

ஸ்நேஹேர் கவிதா,

தோமாகேஓ ஷுபோ நொபொபொர்ஷோ! உனக்கும் உன் வீட்டாருக்கும் நேற்றுப் பிறந்த பராபவ ஆண்டு எல்லா நலமும் கொண்டுவரட்டும். அப்பா அம்மாவுக்கு என் ப்ரொணாம், சின்னவளுக்கு ஆசிகள். உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உனக்கு மனதார ஆசி சொல்லச் சொன்னார்.

டாக்காவுக்கு நேற்றே அனுப்பியது சரி. அவர்கள் நாட்காட்டியில் புத்தாண்டு நாளான பொய்லா போய்ஷாக் எப்போதும் ஏப்ரல் 14. நாங்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதால் பெரும்பாலும் 15. ஷுபோ நொபொபொர்ஷோ எந்த மதத்தவருக்கும் பொருந்தும். ஆனால் அங்குள்ள முஸ்லிம் நண்பர்களின் பெரியவர்களுக்கு 'ப்ரொணாம்' என்று எழுதாதே, 'சலாம்' என்று எழுது.

கார்த்திக் விஷயம். காலையிலேயே லட்சுமி, கணேசர் பூஜை முடிந்து, சிவப்புத் துணி அட்டை போட்ட புதுப் பேரேட்டின் முதல் பக்கத்தில் சிந்தூரத்தால் ஸ்வஸ்திகம் போட்டு வைத்திருப்பார்கள். சிலர் பேரேட்டைக் காளிகாட்டுக்கோ தக்‌ஷிணேஷ்வருக்கோ எடுத்துப்போய்ப் பூஜை செய்து வருவார்கள். வருகிற வாடிக்கையாளர் பழைய பாக்கியை அடைத்து, புதுக்கணக்கில் ஏதாவது ஒரு தொகை வரவு வைப்பதுதான் வழக்கம். அதனால் 18,400 வங்கியில் போய்விட்டது என்று அவன் வெறுங்கையோடு போய் நிற்கக்கூடாது. 501 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கட்டும், ரசீதில் 'முன்பணம்' என்று எழுதி வாங்கட்டும். ரசீது இல்லாவிட்டால் அந்த 501 அவர்கள் ஏட்டில் இருக்கும், நம் ஏட்டில் இருக்காது. அடுத்த பில்லில் கழிக்கும்போது இரண்டும் ஒத்துவராமல் நீ மறுபடி தேட வேண்டியிருக்கும்.

முதலாளி வயதானவர், கைகூப்பி நொமொஷ்கார் சொன்னால் போதும். ஐந்து நிமிடமாவது உட்கார வேண்டும். கொடுக்கும் சர்பத்தைக் குடிக்க வேண்டும், இனிப்புப் பெட்டியையும் காலண்டரையும் மறுக்கக் கூடாது. போன மாதம் பெட்டி நைந்து வந்தது, விலை கூடிவிட்டது என்ற பேச்செல்லாம் நாளைக்கு. ஆறு மணிக்குமேல் அந்தத் தெருவில் கால் வைக்க இடமிருக்காது, ஐந்துக்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

புத்தாண்டு மாங்காய்ப் பச்சடிக்கு வாங்கியதில் உன் வீட்டில் மாங்காய் மிச்சமிருக்குமே! சுட்ட மாங்காய் சர்பத்தான ஆம் போடா ஷொர்பொத் செய்து பார். நடுத்தர அளவில் இரண்டு புளிப்பு மாங்காயை அடுப்புத் தணலில் நேராக வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடு. தீ மிதமாக இருக்கட்டும். பெரிதாக வைத்தால் தோல் கருகிவிடும், உள்ளே காயாகவே நின்றுவிடும். அழுத்தினால் கொழகொழவென்று இருக்க வேண்டும். ஆறியதும் தோலுரித்துச் சதையைப் பிசைந்து, அரைக் கப் சர்க்கரை, ஒரு தேக்கரண்டி வறுத்த சீரகப்பொடி, அரைத் தேக்கரண்டி கறுப்பு உப்பு, கொஞ்சம் புதினா சேர்த்து நான்கு டம்ளர் குளிர்ந்த நீரில் கலக்கு. குக்கரில் வேகவைத்தால் புளிப்பு வரும், அந்தப் புகை மணம் வராது. மணம்தான் இதில் முக்கியம்.

எங்கள் வீட்டில் இன்று லூச்சி, சோலார் தால், கொஷா மாங்ஷோ, மிஷ்டி தோய். அடுத்த முறை கிளைத் தணிக்கைக்கு நீ வரும்போது இதே சாப்பாடு உண்டு என்று உன் பௌதி சொல்லச் சொன்னாள்.

பாலோ தேக்கோ.

இப்படிக்கு,
சுபீர் தா