வாரண்டிக் காலத்தில் எச்டிஎம்ஐ போர்ட் பழுதான கேம் கன்சோலை இலவசமாகச் சரிசெய்து தரக் கோரும் கடிதம்

14.07.2025
திருநெல்வேலி

அனுப்புநர்:
சு. இசக்கிமுத்து,
பெருமாள்புரம், பாளையங்கோட்டை,
திருநெல்வேலி - 627 007.

பெறுநர்:
கிளை மேலாளர் அவர்கள்,
வண்ணார்பேட்டை கிளை,
திருநெல்வேலி - 627 003.

பொருள்: 26.10.2024 அன்று தங்கள் கடையில் வாங்கிய கேம் கன்சோலின் எச்டிஎம்ஐ போர்ட் வாரண்டிக் காலத்துக்குள் பழுதானது - இலவசமாகச் சரிசெய்து தரக் கோருதல் - தொடர்பாக.

பார்வை: பில் எண் 4417, நாள் 26.10.2024, தொகை ரூ.54,990. கன்சோல் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 6083.

ஐயா,

வணக்கம். போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை தங்கள் கிளையில் மேற்கண்ட கன்சோலை வாங்கினேன். முன்பணம் ரூ.6,990, மீதியை மாதம் ரூ.4,000 வீதம் பன்னிரண்டு தவணையாகக் கட்டி வருகிறேன். இன்னும் நான்கு தவணை பாக்கி இருக்கிறது. ஓராண்டு வாரண்டி 25.10.2025 வரை உண்டு. பில்லிலும் வாரண்டி அட்டையிலும் தங்கள் கடை முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.

ஜூன் கடைசி வாரத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே திரை ஒரு நொடி கறுத்துத் திரும்ப வர ஆரம்பித்தது. முதலில் டிவிதான் தகராறு செய்கிறது என்று விட்டுவிட்டோம். பிறகு படத்தில் வெள்ளைப் புள்ளிகள் தெறித்தன. கேபிளின் முனையைக் கீழிருந்து ஒரு விரலால் தாங்கினால் படம் வந்தது, விரலை எடுத்தால் போனது. ஜூலை 6, ஞாயிறு மாலையிலிருந்து எப்படிப் பிடித்தும் படம் வரவில்லை. டிவியில் No Signal என்ற எழுத்து மட்டும்தான் வருகிறது.

நான் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆய்வகத்தில் பதினோரு ஆண்டாக உதவியாளராக வேலை பார்க்கிறேன். பிள்ளைகளின் பொருளைக் கடைக்குத் தூக்கி வருவதற்கு முன்னால் வெளியிலிருந்து பார்க்க முடிந்ததையெல்லாம் பார்த்தேன். பெட்டியோடு வந்த கேபிள், செட்டாப் பாக்ஸ் கேபிள் இரண்டையும் போட்டேன். டிவியின் மூன்று போர்ட்டிலும் மாற்றி மாற்றிச் சொருகினேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் டிவியிலும் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே No Signal. அதே கேபிளை, டிவியின் அதே போர்ட்டில், செட்டாப் பாக்ஸிலிருந்து கொடுத்தால் படம் பளிச்சென்று வருகிறது. கன்சோலை சேஃப் மோடில் போட்டுத் தெளிவுத்திறனைக் குறைத்தும் பார்த்தேன், பலன் இல்லை.

கன்சோல் மற்றபடி நன்றாகவே ஓடுகிறது. பட்டனை அழுத்தினால் பீப் சத்தம் வருகிறது, விளக்கு வெள்ளையாக நிலைக்கிறது, கன்ட்ரோலர் இணைகிறது. ஏற்கெனவே கைபேசியில் போட்டிருந்த ரிமோட் ப்ளே செயலியைத் திறந்தால், வைஃபை வழியாகக் கன்சோலின் முழுத் திரையும் கைபேசியில் வருகிறது. மகன் அதில் ஒரு ஆட்டமே ஆடிக் காட்டினான், அதை வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறேன். படத்தை உருவாக்கும் பகுதி முழுக்க உயிரோடு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பழுது எச்டிஎம்ஐ சாக்கெட்டில் இருக்க வேண்டும், அல்லது அதன் கால்களைப் பலகையோடு பிடித்திருக்கும் ஈயப்பற்றில், அல்லது அதற்குச் சிக்னல் அனுப்பும் சிப்பில். இந்த மூன்றில் எது என்பது பலகையைத் திறந்தால்தான் தெரியும். எனக்குத் திறக்கத் தெரியும், ஆனாலும் திறக்கவில்லை. சீல் ஸ்டிக்கர் ஒட்டியபடியே இருப்பதைப் படத்தில் பார்க்கலாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தேரோட்ட விடுமுறை முடிந்து ஜூலை 9 அன்று கன்சோலைத் தங்கள் கிளைக்குக் கொண்டுவந்தேன். சர்வீஸ் கவுன்டரில் இருந்த தம்பி கைபேசி டார்ச்சை அடித்து அரை நிமிடம் பார்த்தார். "பின் போயிருச்சு சார், பிசிகல் டேமேஜ், வாரண்டில வராது" என்றார். வெளியில் தெரிந்த கடையில் ரூ.4,500-க்கு மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்றும் சொன்னார். எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதித் தர மாட்டோம் சார்" என்று அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். கன்சோலைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்துத் திரும்பக் கொண்டுபோனேன். அந்தத் தம்பி மீது எனக்கு வருத்தம் இல்லை. கவுன்டரில் கூட்டம் நின்றது. ஆனால் அவர் சொன்னது உண்மை அல்ல.

அன்று இரவே ஆய்வகத்திலிருந்து உருப்பெருக்கியைக் கொண்டுவந்து சாக்கெட்டைப் படம் எடுத்தேன். நடுவில் இருக்கும் கறுப்பு நாக்கு உடையவில்லை. அதன் மேலும் கீழுமாக இருக்கும் 19 பின்களும் வரிசை பிசகாமல் இருக்கின்றன. ஒன்றுகூட வளையவில்லை, உள்ளே அமுங்கவில்லை, கருகவில்லை. வெளி உலோகக் கூட்டில் கீறலோ நசுங்கலோ இல்லை. ஆறு படங்களை இணைத்திருக்கிறேன், தாங்களே எண்ணிப் பார்க்கலாம்.

கேபிளைச் சொருகிச் சொருகித் தேய்த்துவிட்டீர்கள் என்றும் சொல்ல வழியில்லை. இந்த வகை எச்டிஎம்ஐ சாக்கெட் 10,000 முறை சொருகி எடுப்பதைத் தாங்க வேண்டும் என்பது அதன் தர அளவு. எங்கள் வீட்டில், வாங்கிய அன்று ஒரு முறை சொருகினோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எடுத்து மறுபடி ஒரு முறை. அதன்பின் இந்தப் பழுதைச் சோதிக்கச் சொருகியதுதான். எல்லாம் சேர்த்து முப்பதைத் தாண்டாது. கன்சோல் டிவி மேசையில் வைத்த இடத்திலேயே இருக்கிறது, கீழே விழுந்ததில்லை. தண்ணீர் பட்டதில்லை. ஸ்பைக் பஸ்டர் வழியாகத்தான் மின்சாரம் கொடுக்கிறோம். பழுதான வாரம் சாரல் காற்று வீசியதே தவிர இடி மின்னல் இல்லை. வீட்டில் வேறு எந்தச் சாதனமும் அன்று போகவில்லை.

எட்டு மாதத்தில், ஓரிடத்தில் அசையாமல் இருந்த ஒரு பொருளின் சாக்கெட் விரல் தாங்கினால் வேலை செய்து, விட்டால் நின்றுபோவது தயாரிப்பில் உள்ள குறை என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

வெளிக்கடையில் கொடுக்கச் சொன்ன யோசனையை நான் ஏற்கவில்லை. பணம் மட்டும் காரணமல்ல. பல அடுக்குப் பலகையில் இந்தச் சாக்கெட்டைக் கழற்ற ஹாட் ஏர் அடிக்க வேண்டும். சூடு கொஞ்சம் கூடினாலும் பலகையின் செம்புப் பட்டைகள் சாக்கெட்டோடு உரிந்து வந்துவிடும். எங்கள் ஆய்வகத்திலேயே அப்படி உரிந்த பலகைகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதோடு ஒருமுறை வெளியாள் திறந்துவிட்டால் மீதி மூன்று மாத வாரண்டியும் கேள்விக்குள்ளாகும்.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது இது. கன்சோலைத் தங்கள் கிளையிலேயே பெற்றுக்கொண்டு, தங்கள் பொறுப்பில் நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி, கட்டணம் இன்றிச் சரிசெய்து தர வேண்டும். வாங்கும்போதே ஜாப் ஷீட் போட்டு, சாக்கெட்டின் நிலை, சீல் ஸ்டிக்கரின் நிலை, வரிசை எண் மூன்றையும் என் கண் முன்னால் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும். இதை நான் அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இன்று நேராக இருக்கும் பின் நாளை வேறு கையில் வளைந்தால், அந்தப் பழி என் பிள்ளைகள் மேல் விழக் கூடாது. சர்வீஸ் சென்டரில் பிசிகல் டேமேஜ் என்று சொன்னால், எந்தப் பின், எங்கே, எப்படி என்று படத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையை நான் ஏற்க மாட்டேன்.

இன்னொரு வேண்டுகோள், இது சட்டத்தில் சேர்ந்ததல்ல. பழுது சாக்கெட்டில் இருக்கும் வரை உள்ளே உள்ள சேமிப்பை அழிக்கத் தேவை இல்லை. என் மகளும் மகனும் எட்டு மாதமாகச் சேர்ந்து ஆடிய ஆட்டங்களின் பதிவு அதில் இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு முடியும் வரை தொட மாட்டேன் என்று மகள் ஒதுங்கி இருந்தபோது, தம்பி அக்காவின் அணியைத் தனியாகப் பத்திரமாக வைத்திருந்தான். வேறு கன்சோல்தான் தர முடியும் என்ற நிலை வந்தால், அதற்கு முன் எனக்குத் தகவல் சொல்லுங்கள். ரிமோட் ப்ளே வழியாகப் பென் டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ எடுக்க முடிந்ததை எடுத்துக்கொள்கிறோம்.

விற்றதோடு எங்கள் வேலை முடிந்தது, கம்பெனியிடம் பேசுங்கள் என்று சொல்லிவிட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பணம் வாங்கியது தாங்கள், வாரண்டி அட்டையில் முத்திரை வைத்ததும் தாங்கள். 2014-இல் வாங்கிய ஃபிரிட்ஜ் முதல் மனைவியின் மிக்ஸி வரை எங்கள் வீட்டில் பாதிப் பொருள் தங்கள் கடையில் வாங்கியதுதான். மிக்ஸி மோட்டார் போனபோது மூன்றே நாளில் மாற்றிக் கொடுத்தீர்கள். அதை மறக்கவில்லை, அதனால்தான் முதலில் தங்களுக்கே எழுதுகிறேன்.

இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள், கன்சோலை எப்போது கொண்டுவரலாம் என்று பில்லில் உள்ள என் கைபேசி எண்ணுக்குத் தெரிவிக்கவும். ஒப்படைத்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் சரியான நிலையில் திரும்பக் கிடைக்க வேண்டும். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ரூ.5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது என்பதும், இரண்டாண்டு கால அவகாசம் உண்டு என்பதும் எனக்குத் தெரியும். அந்த அளவுக்குப் போக வேண்டியிராது என்றே எதிர்பார்க்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

சு. இசக்கிமுத்து

இணைப்பு: பில் நகல், வாரண்டி அட்டை நகல், சாக்கெட்டின் படங்கள் ஆறு, சீல் ஸ்டிக்கரின் படம் ஒன்று, டிவியில் No Signal வருவதும் கைபேசியில் ஆட்டம் ஓடுவதும் ஒரே காட்சியில் தெரியும் வீடியோ (பென் டிரைவில்).

இக்கடிதம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பப்படுகிறது. நகல் ஒன்று என்னிடம் உள்ளது.