ஒரு கோரிக்கையின் பாதை: புதிய நிரலாளர்களுக்கான குறிப்பு

நமது புத்தக விற்பனைத் தளத்தில் வாசகர் ஒருவர் ஒரு நூலின் பக்கத்தைத் திறக்கும்போது, அவரது உலாவியிலிருந்து இக்கோரிக்கை புறப்படுகிறது.

```
GET /books/418 HTTP/1.1
```

முதலில் அதைப் பெறும் என்ஜின்எக்ஸ் லோட் பேலன்சர், டிஎல்எஸ் குறியாக்கத்தை அவிழ்த்து, `X-Request-ID` தலைப்பில் ஓர் அடையாள எண்ணைச் சேர்த்து, மூன்று செயலிச் சர்வர்களுள் ஒன்றுக்கு அனுப்புகிறது.

செயலி முதலில் ரெடிஸ் கேஷில் `book:418` என்ற சாவியைத் தேடும். அது இருந்தால் தரவுத்தளத்தை நாடாமலே பதில் திரும்பிவிடும். இல்லையெனில் செயலி போஸ்ட்கிரெஸில் வினவி, கிடைத்ததை 300 நொடி ஆயுளுடன் கேஷில் எழுதும். இருப்பு எண்ணிக்கையை மட்டும் நாம் ஒருபோதும் கேஷில் வைப்பதில்லை.

இங்கே மிகுந்த கவனம் தேவை. விலையை மாற்றும் நிரல், தரவுத்தளப் பரிவர்த்தனை உறுதியான பின்னரே அச்சாவியை நீக்க வேண்டும்; முன்னதாக நீக்கினால், இடைப்பட்ட கணத்தில் வரும் வேறொரு கோரிக்கை பழைய விலையைப் படித்து மீண்டும் கேஷில் வைத்துவிடும், வாசகர்களும் ஐந்து நிமிடம் வரை அத்தவறான விலையையே காண்பார்கள்.

சோதனைத் தளத்தில் ஒரு பக்கத்தைத் திறந்து, அதன் அடையாள எண்ணை லாக்குகளில் தேடிப் பாருங்கள்.

```
grep 7f3a91c2 nginx/access.log app/app.log
```

ஒவ்வொரு வினவலிலும் செயலி அதே எண்ணைக் குறிப்புரையாகச் சேர்க்கிறது. ஆயினும் 200 மில்லிநொடியைத் தாண்டிய வினவல்கள் மட்டுமே போஸ்ட்கிரெஸ் லாக்கில் பதிவாகும்.